செடிக்கு டிரிப்ஸ்: பாட்டில் சொட்டு நீர் செய்வதும், நிஜமாக எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று அளப்பதும்

முதலில் என் தப்புக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் மூன்றாவது மாடி, மேலே மொட்டை மாடியில் 24 தொட்டிகள். 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் குடிநீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது, மீறினால் 5000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டதே, அந்தச் சமயத்தில்தான் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட ஆரம்பித்தேன். எங்கள் தெருவில் போர் வற்றி டேங்கருக்கு வரிசை. வீட்டில் துணி அலசிய கடைசித் தண்ணீரை எடுத்து வைத்துச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம். அதுவும் போதாமல்தான் இந்த வேலை.

தக்காளித் தொட்டி ஒன்றுக்குத் தினமும் ஒரு மக், அதாவது 1 லிட்டர் ஊற்றுவது வழக்கம். பாட்டிலில் 400 மில்லி மட்டும் ஊற்றிச் சொட்ட விட்டேன். ஐந்து நாள் செடி ஜம்மென்று இருந்தது. 1000-க்குப் பதில் 400, ஆக 60 சதவீதம் மிச்சம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆறாம் நாள் மதியம் மேலே போய்ப் பார்த்தால் தக்காளி மொத்தமும் தலையைத் தொங்கப் போட்டிருக்கிறது. தொட்டியைத் தூக்கினேன், இறகு மாதிரி இருந்தது. எடை போட்டால் ஒன்றரை கிலோ குறைவு. அந்த ஐந்து நாளும் செடி குடித்தது என் பாட்டில் தண்ணீரை மட்டும் இல்லை, தொட்டி மண்ணில் முன்பே இருந்த தண்ணீரையும் சேர்த்து. நான் மிச்சம் பிடித்ததாக நினைத்தது சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துச் செலவு செய்தது.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதி பாட்டில் செய்வது, பாதி அளப்பது. அளக்காமல் சொல்லும் சதவீதத்தை, நான் அன்றைக்குச் சொன்னது உட்பட, நம்பாதீர்கள்.

எந்த வகைப் பாட்டில்

மூடியில் ஊசியால் ஓட்டை போட்டுத் தலைகீழாக மண்ணில் குத்தி வைப்பதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறோம், நானும் செய்தேன். இளகிய கோகோபீட் கலவையில் அது அரை மணி நேரத்தில் காலி, இல்லையென்றால் ஓட்டையில் மண் அடைத்துக்கொண்டு இரண்டு நாள் ஆனாலும் ஒரு சொட்டு இறங்காது. நடுவில் நிறுத்த வழியே இல்லை. பாட்டிலைக் காற்றுப் போகாமல் மூடி வைத்தால் இன்னொரு தொல்லை உண்டு. காலை வெயில் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று விரிந்து தண்ணீரை ஒரே மூச்சில் வெளியே தள்ளும்.

கடைசியில் நிலைத்தது மருந்துக் கடையில் கிடைக்கும் டிரிப்ஸ் செட். சலைன் ஏற்றுகிற அதே குழாய், நடுவில் சொட்டு விழுவதைப் பார்க்கிற சின்ன அறை, அப்புறம் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு உருளை. புதிதாகப் பிரிக்காத செட்டை வாங்குங்கள், ஆஸ்பத்திரியில் பயன்படுத்தியதை யாராவது சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள். ஊசி தேவையில்லை, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா முதல் நாள் மேலே வந்து பார்த்துவிட்டு, "என்னடா, செடிக்கு குளுக்கோஸ் ஏத்துறியா? அதுக்கு என்ன காய்ச்சல்?" என்று கேட்டார்கள். தள்ளி நின்று பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது, பெண்கள் வார்டு, ஆண்கள் வார்டு மாதிரி இரண்டு வரிசை.

செய்வது

2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் எடுங்கள். அடிப்பகுதியை முக்கால் வட்டம் வெட்டி, கால் வட்டத்தை வெட்டாமல் விடுங்கள், அது மடக்கு மூடி மாதிரி நிற்கும். இந்த மூடி அலங்காரத்துக்கு இல்லை. திறந்து கிடக்கும் தண்ணீரில் ஒரு வாரத்தில் கொசுப்புழு நெளியும். மூடி சரியாக உட்காரவில்லை என்றால் பழைய கொசுவலைத் துண்டை மேலே போட்டு ரப்பர் பேண்டு மாட்டுங்கள். காற்று மட்டும் உள்ளே போக வேண்டும், அது போதும்.

பாட்டில் மூடியில், டிரிப்ஸ் செட்டின் கூர்முனையைவிட ஒரு இழை சின்னதாக ஓட்டை போட வேண்டும். ஆணியைச் சூடு செய்து குத்துங்கள். பெரிதாகப் போனால் ஒழுகும், அந்த ஒழுகல்தான் பின்னால் கணக்கைக் கெடுக்கும். முனையை அழுத்தி உள்ளே நுழைத்து, சுற்றிலும் எம்-சீல் வைத்து ஒரு இரவு காய விடுங்கள். மறுநாள் உருளையை முழுக்க மூடிவிட்டுத் தண்ணீர் நிரப்பி, கீழே ஒரு நியூஸ் பேப்பரை விரித்து இரண்டு மணி நேரம் தொங்கவிடுங்கள். பேப்பர் காய்ந்தே இருந்தால் சரி.

பாட்டிலுக்கு வெளியே பழைய கறுப்பு காலுறையை மாட்டிவிடுங்கள், அல்லது இரண்டு மடிப்பு நியூஸ் பேப்பரைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். வெளிச்சம் பட்டால் பத்து நாளில் பாசி பிடிக்கும், பாசி சொட்டு அறையின் அடியில் இருக்கும் சின்னச் சல்லடையில் போய் உட்காரும், அதோடு சொட்டு நின்றுவிடும். என்னுடைய முதல் நான்கு செட்டும் போனது இப்படித்தான்.

எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது

இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை, ஆனால் சொட்டின் வேகம் இதில்தான் இருக்கிறது. தண்ணீரைத் தள்ளுவது பாட்டிலில் இருக்கும் நீர்மட்டத்துக்கும் குழாயின் கடைசி முனைக்கும் இடையிலுள்ள உயரம். பாட்டில் தொட்டிக்கு ஒட்டி இருந்து, குழாய் முனை மூடிக்கு 5 செ.மீ. கீழே மட்டும் இருந்தால், நிறைந்திருக்கும்போது உயரம் 25 செ.மீ., காலியாகும்போது 5 செ.மீ. அதாவது காலையில் ஓடிய வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் கடைசியில் இருக்கும். அதே பாட்டிலை மாடிக் கொடிக் கம்பியில் மேலே கட்டி, முனையை 60 செ.மீ. கீழே விட்டால் 80-இலிருந்து 60-க்குத்தான் இறங்கும், வேகம் கால்வாசி மட்டும் குறையும். செலவே இல்லாத திருத்தம் இது. கிரில் இருந்தால் கிரில், இல்லாவிட்டால் ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியில் நட்டுக் கட்டுவதைவிட (காற்றில் சாயும், பட்டுத் தெரிந்துகொண்டேன்) சுவரில் ஒரு ஆணி.

சொட்டை எண்ணுவது

உருளையை மூடி, தண்ணீர் நிரப்பி, சொட்டு அறையை இரண்டு தடவை அமுக்கி விட்டால் பாதி நிரம்பும். அப்புறம் உருளையை முழுக்கத் திறந்து குழாயிலுள்ள காற்றெல்லாம் போகும்வரை ஒரு பாத்திரத்தில் விடுங்கள். குழாய் நடுவில் காற்றுக் குமிழி நின்றால் சொட்டு தானாக நின்று போகும்.

சாதாரண செட்டில் 20 சொட்டு 1 மில்லி, உறையிலேயே போட்டிருக்கும். இருந்தாலும் ஒரு தடவை 100 சொட்டை இருமல் மருந்து மூடியில் பிடித்துப் பாருங்கள், 5 மில்லி கோட்டில் நிற்க வேண்டும். அப்படியென்றால் நிமிடத்துக்கு 20 சொட்டு, மணிக்கு 60 மில்லி. என் தக்காளிக்கு 700 மில்லி வேண்டும் என்பதால் காலை ஏழு மணிக்கு 24 சொட்டில் வைக்கிறேன், மணிக்கு 72 மில்லி. மட்டம் இறங்க இறங்க வேகம் குறைவதால் மாலை ஆறு, ஆறரை வாக்கில் காலியாகிறது.

வைத்துவிட்டு உடனே இறங்கிப் போகாதீர்கள். உருளை அழுத்திய இடத்தில் குழாய் மெல்ல மெல்ல இளகிக்கொடுக்கும், அரை மணி நேரத்தில் எண்ணிக்கை மாறியிருக்கும், அப்போது ஒரு முறை திருத்தினால் நிலைக்கும். மதியம் வேகமாகச் சொட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். தண்ணீர் சூடானால் சுலபமாக ஓடும், 20 டிகிரிக்கும் 35 டிகிரிக்கும் நடுவில் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே கூடலாம். செடிக்கும் அந்த நேரத்தில்தான் தாகம், அதனால் நான் அதைத் திருத்துவதில்லை.

முனையைத் தண்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, மண்ணுக்குள் செருகாமல் மேலேயே வைக்கவும். அதன் அடியில் ஒரு பிடி தேங்காய் நார். கோகோபீட் கலவையில் ஒரே இடத்தில் விழும் சொட்டு பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே போகப் பார்க்கும், நார் அதைக் கொஞ்சம் பரப்பிவிடும். எதிர்ப்பக்கம் விரலை இரண்டாவது கணு வரை விட்டுப் பாருங்கள், அங்கே பொடியாக இருந்தால் முனையை இரண்டு நாளைக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். முதல் நாள் மட்டும் தொட்டியை நன்றாக ஊற வைத்துவிட்டுத்தான் சொட்டைத் தொடங்க வேண்டும். காய்ந்து சுருங்கிய கோகோபீட் தொட்டிச் சுவரை விட்டு விலகி நிற்கும், அந்த இடுக்கு வழியாக எந்தத் தண்ணீரும் நேராக வெளியே போய்விடும்.

அளப்பது

தேவைப்படுவது பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு ஒன்று (50 கிலோ வரை, 10 கிராம் காட்டுவது), சமையலறை அளவுக் குவளை, தொட்டிக்குக் கீழே வைக்கத் தட்டுகள், ஒரு நோட்டு. 12 இஞ்ச் தொட்டி ஒன்று ஒன்பது, பத்து கிலோ வரும், அதைத் தராசில் மாட்ட நைலான் கயிற்றில் பாட்டி காலத்து உறி மாதிரி ஒன்று கட்டிக்கொண்டேன். தொட்டியை உறியில் வைத்து, கொக்கியில் மாட்டி, தரையிலிருந்து ஒரு விரல் தூக்கினால் போதும். தண்ணீருக்கு 1 மில்லி என்றால் 1 கிராம், அதனால் எடை குறைந்தது எல்லாம் தண்ணீராகவே படிக்கலாம்.

தொட்டிகளைச் செங்கல் துண்டு மேல் ஏற்றி, நடுவில் தட்டை நுழையுங்கள். தட்டில் சேர்ந்ததை அன்றன்றைக்கே அளந்து கொட்டிவிட வேண்டும், விட்டால் ஆவியாகிப் போகும், இல்லாவிட்டால் வேர் திரும்பக் குடிக்கும். எடையை எப்போதும் ஒரே நேரத்தில், காலை தண்ணீர் விடுவதற்கு முன்னால் பாருங்கள். கணக்கு இவ்வளவுதான்:

```
ஊற்றியது − தட்டில் வடிந்தது − தொட்டி எடை கூடியது
   = செடி குடித்ததும் காற்றில் போனதும்
```

எடை குறைந்திருந்தால் கடைசியில் கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும். நான் முதலில் விட்ட இடம் இதுதான்.

ஒரே வயதுத் தக்காளி ஆறு தொட்டி, ஒரே கலவை, ஒரே வெயில். மூன்றுக்கு மக், மூன்றுக்குப் பாட்டில். ஒரு வாரம் முடிந்ததும் இரண்டையும் மாற்றிக்கொண்டேன், மக் தொட்டிக்குப் பாட்டில், பாட்டில் தொட்டிக்கு மக். இல்லாவிட்டால் ஒரு பக்கத்துச் செடி மட்டும் பெரிதாக இருந்தால் கணக்கு அந்தப் பக்கம் சாயும். பறித்த காயையும் எடை போட்டு எழுதினேன், அதுவும் தொட்டி எடையில் இருந்து போனதுதானே. நடுவில் மழை பெய்தால் அந்த நாளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொரு நாள் சேர்க்கவும்.

இரண்டு வாரச் சராசரி, மூன்று தொட்டிக்கு ஒரு வாரம்: மக்கில் ஊற்றியது 21 லிட்டர், தட்டில் வடிந்தது 6.2, தொட்டிகள் 0.3 கிலோ கூடியிருந்தன. ஆக, செடியும் காற்றும் எடுத்தது 14.5 லிட்டர். பாட்டிலில் ஊற்றியது 14.7, வடிந்தது 0.8, தொட்டிகள் 0.4 கிலோ குறைந்திருந்தன. எடுத்தது 14.3 லிட்டர்.

இந்த 14.5-ஐயும் 14.3-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மக்கோ பாட்டிலோ, செடி குடித்தது ஏறக்குறைய ஒன்றேதான். வித்தியாசம் முழுக்கத் தட்டில் இருக்கிறது. மக்கில் மடமடவென்று ஊற்றும்போது மண் உறிஞ்சுவதற்கு முன்னால் ஓட்டை வழியே ஓடிவிடுகிறது, பாட்டில் அதற்கு நேரம் கொடுக்கிறது, அவ்வளவுதான் இதன் மந்திரம். தட்டுத் தண்ணீரை எடுத்துத் திரும்ப ஊற்றுகிற பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருந்தால் பாட்டில் உங்களுக்குப் பெரிதாக எதையும் மிச்சம் பிடிக்காது.

மிச்சத்தை நியாயமாகச் சொல்ல, தொட்டி எடையைச் சமன் செய்ய வேண்டும். மக்குக்கு 21-இல் 0.3 கழித்தால் 20.7. பாட்டிலுக்கு 14.7-ஓடு 0.4 சேர்த்தால் 15.1. மிச்சம் 5.6 லிட்டர், 27 சதவீதம். நான் பீற்றிக்கொண்ட 60 இப்படிப் பாதிக்கும் கீழே போயிற்று.

மூன்றாவது வாரம் இன்னொன்று செய்து பார்த்தேன், செய்யாமலே இருந்திருக்கலாமோ என்றும் தோன்றியது. மூன்று தொட்டிக்குப் பாட்டில் அப்படியே, மற்ற மூன்றுக்கும் கையால்தான், ஆனால் குவளையில் அளந்து காலை 350, மாலை 350 மில்லி, நிதானமாகச் சுற்றிலும். பாட்டில் பக்கம் முன்பு போலவே வந்தது. கையால் ஊற்றிய பக்கம் 14.7 லிட்டருக்கு 1.5 வடிந்தது, தொட்டிகள் 1 கிலோ குறைந்தன. எடையைச் சமன் செய்தால் 15.7 லிட்டர். அதாவது பழைய மக்கோடு ஒப்பிட்டால் வெறும் அளவுக் குவளையே 5 லிட்டரை மிச்சம் பிடித்துவிட்டது, பாட்டில் அதற்கு மேலே கொடுத்தது வாரத்துக்கு 0.6 லிட்டர். வீட்டம்மாவிடம் சொன்னேன். "அப்போ ஒரு குவளைக்காகவா மாடி முழுக்க டியூப் தொங்குது?" என்றாள்.

தண்ணீருக்காக மட்டும் என்றால் அவள் சொல்வது சரி. தினமும் இரண்டு வேளை 24 தொட்டிக்கும் அளந்து ஊற்ற எனக்குப் பொறுமை இல்லை என்பதுதான் பாட்டிலின் நியாயம். உங்களுக்குப் பொறுமை இருந்தால் குவளையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

24 தொட்டிக்கும் இதே கணக்கென்றால் வாரம் 45 லிட்டர் மிச்சம், 20 லிட்டர் கேன் இரண்டும் கொஞ்சமும். ஆனால் இதிலும் ஒரு கழிவு உண்டு. வடியாத தொட்டியில் உரத்தின் உப்பும் போர் தண்ணீரின் உப்பும் தங்கிவிடும், ஈரமும் காய்ச்சலும் சந்திக்கும் இடத்தில் வெள்ளைப் படலமாகத் தெரியும், இலை ஓரம் கருகும். மாதம் ஒரு முறை தொட்டிக்கு 2 லிட்டர் நிதானமாக ஊற்றி வடியவிட வேண்டும். அந்த 48 லிட்டரையும் கழித்தால் வாரம் 33-தான் கையில் நிற்கும்.

சொட்டு நின்றால்

சொட்டு அறையில் பச்சை தெரிந்தால் பாசி, செட்டைக் கழற்றி எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவலாம், போகவில்லை என்றால் புது செட். வெள்ளையாகப் பொருக்கு இருந்தால் போர் தண்ணீரின் சுண்ணாம்பு, ஒரு இரவு வினிகரில் ஊறினால் விட்டுவிடும். இரண்டும் இல்லாமல் நின்றிருந்தால் காற்றுக் குமிழிதான், அறையை அமுக்கி விடுங்கள். பாட்டில் சீக்கிரம் காலியாகித் தட்டிலும் நிறைய இருந்தால் சொட்டு வேகம் அதிகம். சீக்கிரம் காலியாகித் தட்டும் காய்ந்திருந்தால் மூடியில் ஒழுகல், சுவரில் ஈரத்தடம் இருக்கிறதா பாருங்கள்.

ஆறு இஞ்ச் தொட்டிக்கும் கற்றாழைக்கும் இது வேண்டவே வேண்டாம். ஒரு நாளைக்கு 100 மில்லி குடிக்கிற துளசிக்கு இவ்வளவு மெதுவாக உருளை நிற்காது. நிமிடத்துக்கு எட்டு சொட்டுக்குக் கீழே போனால் என் செட்டுகள் எல்லாமே இரவுக்குள் தானாக நின்றுவிடுகின்றன.

அந்த எட்டு சொட்டுதான் ஊருக்குப் போகும்போது வைக்கும் அளவு. மணிக்கு 24 மில்லி, 2 லிட்டர் பாட்டில் மூன்றரை நாள் வரும். இரவும் பகலும் சேர்த்து ஒரு நாளைக்கு 576 மில்லி, செடியின் 700-க்குக் கொஞ்சம் குறைவு, அந்தக் குறையை மண்ணில் இருக்கும் ஈரம் தாங்கும், கிளம்பும் முன் தொட்டியை ஒரு முறை ஊறவிட்டிருந்தால். மூன்று நாள் ஆம்பூர் போய்விட்டு வந்தபோது ஆறு தக்காளியில் ஐந்து நிமிர்ந்து நின்றன. ஆறாவதின் பாட்டில் நிறைய அப்படியே இருந்தது, உருளைக்கு மேலே ஒரு கடுகளவு குமிழி.